சேமிப்பு விளைவு: அரிதான இனம் ஏன் அழிகிறது?

> இரண்டு ஓராண்டுச் செடிகள், முளைப்பு 0.8, 0.2 என எதிரெதிராக மாறுகிறது, மண்ணில் விதை பிழைப்பு 0.9. சேமிப்பு விளைவு, அதாவது மோசமான ஆண்டை உறங்கும் விதையாகக் கடப்பது, அரிதான இனத்தைக் காக்க வேண்டும். ஆனாலும் அது அழிகிறது. `C = 1 + a*(N1+N2)` என்றுதான் எழுதியிருக்கிறேன்.

பிழை அந்த வரியில்தான். அதில் C போட்டி, N விதை எண்ணிக்கை, a போட்டிக் குணகம்; கீழே வரும் G முளைப்பு விகிதம். உறங்கும் விதை யாரோடும் போட்டியிடாது. முளைத்தது மட்டுமே போட்டியிடும்:

```
C = 1 + a*(G1*N1 + G2*N2)
```

உங்கள் வரியில் இந்த ஆண்டின் முளைப்பு போட்டியை மாற்றவே இல்லை. சூழலும் போட்டியும் சேர்ந்து ஏறியிறங்காவிட்டால் சேமிக்க எதுவும் இருக்காது.

கையாலேயே போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டின் வளர்ச்சி என்பது முளைக்காமல் பிழைத்த விதையின் பங்கு, கூடவே முளைத்ததன் விளைச்சலை C-ஆல் வகுத்தது. அடர்த்தி அதிகம் என்று 1-ஐ விட்டுவிடலாம். விளைச்சல் இரு இனத்துக்கும் ஒன்றே. நிலைத்த இனத்துக்கு நல்ல ஆண்டில் களத்தில் நெரிசல். அரிதான இனத்தில் 20% தான் முளைக்கிறது, மீதி மண்ணில் பத்திரம், வளர்ச்சி 0.85. மறு ஆண்டு களம் கிட்டத்தட்ட காலி, அதன் 80% முளைக்கிறது, வளர்ச்சி 3.13. பெருக்கினால் 2.65, அதாவது நுழைந்துவிடும். உங்கள் வரியில் இதே கணக்கு 0.94 × 1.01, மெல்லத் தேய்கிறது.

திருத்தியபின் பிழைப்பை 0 ஆக்கி ஓட்டுங்கள். அரிதான இனத்தின் இரு ஆண்டு வளர்ச்சி 0.25 × 4 = 1, சாதகம் மறைய வேண்டும். மறையாவிட்டால் உங்கள் மாதிரியில் வேறொரு வழிமுறை கலந்திருக்கிறது. இனங்களின் போட்டிக் குணகங்கள் சமமா என்று முதலில் பாருங்கள். சராசரி எடுக்கும்போது வளர்ச்சியின் மடக்கையை எடுங்கள். கூட்டுச் சராசரி இங்கே ஏமாற்றும், 0.25-க்கும் 4-க்கும் அது 2.1 காட்டும்.