ஸ்மார்ட் வோட்ச் காட்டும் தூக்கப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

"ஸ்கிரீன்ஷொட்டில் ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்தான். பயப்பட வேண்டுமா? – மட்டக்களப்பு"

வேண்டாம். மொத்தத் தூக்க நேரத்தை ஓரளவு நம்பலாம், தூக்க வகைகளைக் காட்டும் நிறப்பட்டைகள் ஊகம்தான். ஆழ்ந்த, மெல்லிய, கனவுத் தூக்கங்களைச் சரியாகப் பிரிக்க மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம் மூன்றையும் அளக்க வேண்டும். அதற்குத் தலையிலும் முகத்திலும் மின்முனைகள் ஒட்டுவார்கள். வோட்சுக்குக் கிடைப்பதோ முக்கியமாகக் கை அசைவும் ஒளியால் எடுக்கும் நாடித்துடிப்பும்தான். வாவியில் மிதவை ஆடுவதை வைத்தே சிக்கியது கொடுவாவா மணலையா என்று சொல்வது போன்றது இது.

இரவு 2 மணிக்குக் கரண்ட் போய், மின்விசிறி நின்று விழித்துவிட்டீர்கள். ஆனால் அசையாமல் படுத்திருக்கிறீர்கள். அதையும் மெல்லிய தூக்கம் என்றே பெரும்பாலும் போட்டுவிடும்.

அப்புறம், மெல்லிய தூக்கம் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவர்களின் இரவில் ஏறக்குறையப் பாதி அதுதான்.