கட்டண விலக்கும் கால நீட்டிப்பும்: சேர்க்கை அலுவலகத்திடம் எப்படிக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் முதுநிலைப் பொறியியல் படிக்க விண்ணப்பிக்கும் உங்கள் மகளுக்காக நீங்கள் எழுதிவைத்திருக்கும் மின்னஞ்சலைப் படித்தேன். குடும்ப வருமானம், வீட்டுக் கடன், மகள் வாங்கிய பரிசுகள் என்று ஒன்றரைப் பக்கம் போகிறது. கேட்க வந்த விஷயம் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அதிலும் கட்டண விலக்கு, கடைசித் தேதி நீட்டிப்பு என்று இரண்டு கோரிக்கைகள். நம் ஊர் அலுவலகங்களுக்கு மனு எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். ஆனால் இதைப் படிக்கப்போகும் அலுவலர், டிசம்பரில் இதுபோன்ற கடிதங்களைக் குவியலாகப் பார்ப்பவர். முதல் இரண்டு வரிகளில் கோரிக்கை தெரியாவிட்டால் அதை ஒதுக்கிவைத்துவிடுவார்.

முதலில் ஒன்று: கடிதம் உங்கள் மகளின் பெயரில், விண்ணப்பத்தில் அவர் கொடுத்திருக்கும் அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து போகட்டும். விண்ணப்பம் பற்றிய விவரங்களைப் பெற்றோரிடம் பேசப் பல அலுவலகங்கள் மறுத்துவிடும்.

கட்டண விலக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை ஆகிறது. ஐந்து இடங்களுக்கு என்றால் சுமைதான். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் இந்த விலக்கை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே தருகின்றன. அதை இணையதளத்திலேயே எழுதியும் வைத்திருப்பார்கள். அப்படி எழுதியிருக்கும் இடத்தில் கேட்பது வீண். எதுவும் சொல்லாத இடத்தில், மையச் சேர்க்கை அலுவலகத்தை விடத் துறையின் முதுநிலைப் படிப்பு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்பது நல்லது. சில துறைகள் தங்கள் இணையவழி அறிமுகக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு விலக்குக் குறியீடு தருவதுண்டு. அந்தக் குறியீட்டைப் பணம் செலுத்தும் பக்கத்தில் இட வேண்டும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது. பதில் வர நாளாகலாம். நவம்பர் நான்காம் வியாழனை ஒட்டி அங்கே விடுமுறை வேறு. ஆகவே நவம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில் போகும். சாரம் இவ்வளவு போதும்:

“பொருள்: விண்ணப்பக் கட்டண விலக்கு – விண்ணப்ப எண், படிப்பின் பெயர்.

வணக்கம். அடுத்த இலையுதிர்காலப் பருவத்துக்கு இயந்திரப் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டா என்று அறிய விரும்புகிறேன். என் தந்தை ஒருவரின் சம்பளத்தில் நான்கு பேர் வாழ்கிறோம். வருமானச் சான்றிதழை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைத்துள்ளேன். விலக்கு இல்லையென்றால் கட்டணத்தைச் செலுத்தி, குறித்த நாளுக்குள் விண்ணப்பிப்பேன். நன்றி.”

இந்தக் கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். மறுப்பவருக்கும் அது சங்கடமில்லாமல் செய்கிறது. மகள் உறுதியாக விண்ணப்பிக்கப்போகிறார் என்பதையும் காட்டுகிறது. ஆனால் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதட்டும்.

கால நீட்டிப்பு உங்களுக்குத் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். தாமதமாவது விண்ணப்பம் அல்ல. மகளின் இங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டிய சான்றளித்த மதிப்பெண் பட்டியல்தான். பல இடங்களில் படிவமும் கட்டணமும் குறித்த நாளில் சேர்ந்துவிட்டால் போதும். பரிசீலனைக்குப் பருவவாரி மதிப்பெண் தாள்களின் நகல்களை ஏற்றுக்கொண்டு, சான்றளித்த பட்டியலை இடம் கிடைத்த பிறகே கேட்கிறார்கள். ஆகவே மகள் நகல்களை ஏற்றி, டிசம்பர் 15க்குள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டு இப்படி எழுதட்டும்: “விண்ணப்பத்தை 10ஆம் தேதி சமர்ப்பித்துவிட்டேன். சான்றளித்த பட்டியல் ஜனவரி முதல் வாரத்தில் கிடைக்கும் என்று என் பல்கலைக்கழகம் கூறியுள்ளது. அதுவரை இணைத்துள்ள நகல்களைக் கொண்டு பரிசீலிக்க இயலுமா?” தேதியை நீட்டச் சொன்னால் விதியைத் தளர்த்தச் சொல்வதாகும், அதற்கு அவர் மேலிடத்தைக் கேட்க வேண்டும். இதற்கோ அவரே ஆம் என்று சொல்லிவிடலாம்.

உண்மையிலேயே தேதி தவறுவது பணம் கட்டும் பக்கத்தில்தான். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் முடக்கப்பட்டே வருகிறது; வங்கிச் செயலியில் அதை முன்கூட்டியே இயக்கிவையுங்கள். அப்படியும் கடைசி நேரத்தில் தடை வந்தால், பிழைச் செய்தி தெரியும் திரையைப் படமெடுத்து உடனே அனுப்ப வேண்டும். கெடு முடியும் முன் போன கடிதத்துக்குத்தான் மதிப்பு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் டிசம்பர் 15 இரவு 11:59 என்றால் நமக்கு 16ஆம் தேதி காலை 10:29. அந்த நேரத்தை நம்பி உட்கார வேண்டாம்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே கடிதத் தொடரில் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். முடியாது என்று வந்தால் நன்றி மட்டும் சொல்லிவிட்டு, பட்டியலில் மகளுக்கு அரைமனதாக இருக்கும் ஐந்தாவது பல்கலைக்கழகத்தை நீக்கிவிடுங்கள். அந்தக் கட்டணம் முழுதாக மிச்சம்.