பார்வைப்புல விட்டத்தில் எத்தனை செல்கள் அடங்கும்? கேள்வி பதில்

முதலாண்டு மாணவி: மேடம், 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் எங்கள் மைக்ரோஸ்கோப்பின் பார்வைப்புல விட்டம் 1.8 மி.மீ. வெங்காயத் தோல் செல்லின் நீளம் 250 மைக்ரான். வகுத்தால் 0.0072 வருகிறது. ஆனால் கண்ணுக்கு ஆறேழு செல் தெரிகிறதே?

விடை ஆயிரம் மடங்கு பிசகினால் வேறெங்கும் தேட வேண்டாம், அலகைப் பாருங்கள். 1.8 மி.மீ. என்பது 1800 மைக்ரான். 1800-ஐ 250-ஆல் வகுத்தால் 7.2. கண்ணுக்குத் தெரிவதோடு ஒட்டிப்போகிறதா என்று பார்த்தீர்களே, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

வகுப்பதற்கு முன் ஸ்லைடைத் திருப்பி, செல்களின் நீளவாக்கு விட்டத்தோடு படுக்குமாறு வையுங்கள். ஒரே ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள், அது வட்டத்தின் நடுவே போகட்டும். பக்கத்து வரிசையின் சுவர்கள் இதே இடத்தில் வராது. அதனால் எண்ணும்போது வரிசை தாவினால் கணக்கு குழம்பிவிடும்.

அதே வகுப்பு மாணவர்: 7.2 என்றால் 7 முழுச் செல் தெரிய வேண்டும்தானே? நான் பார்த்தது 6 முழுசு, இரண்டு ஓரத்திலும் வெட்டுப்பட்டது ஒவ்வொன்று. 8 என்று எழுதட்டுமா?

நீங்கள் பார்த்ததுதான் அடிக்கடி நடக்கும். ஏழு முழுச் செல்லுக்கு 1750 மைக்ரான் வேண்டும். வட்டத்தில் மிச்சம் 50 மைக்ரான்தான். ஆகவே இடது ஓரத்திலிருந்து முதல் 50 மைக்ரானுக்குள் ஒரு குறுக்குச் சுவர் வந்து விழுந்தால்தான் ஏழும் முழுதாக உள்ளே நிற்கும். சுவர்களுக்கு இடையே 250 மைக்ரான் இருப்பதால், ஐந்தில் ஒரு தடவைதான் அப்படி அமையும். மற்ற நான்கு தடவையும் 6 முழுசும் இரு துண்டுகளும் தெரியும்.

எனவே 6 என்று எழுதினால் குறைவு, 8 என்று எழுதினால் அதிகம். செல்லை எண்ணாமல் விட்டத்தை வெட்டும் குறுக்குச் சுவர்களை எண்ணுங்கள். 6 முழுச் செல் தெரியும்போது சுவர் 7 இருக்கும், 7 முழுச் செல் தெரியும்போது 8 இருக்கும். நான்கு தடவை 7, ஒரு தடவை 8 என்று வைத்தால் மொத்தம் 36, ஐந்தால் வகுத்தால் 7.2. வகுத்தலில் வந்த அதே எண். ஸ்லைடை நகர்த்தி நகர்த்திச் சில இடங்களில் எண்ணிச் சராசரி எடுத்தால் போதும், ஓரத்துத் துண்டைச் சேர்ப்பதா விடுவதா என்ற சண்டையே வராது.

பொழுதுபோக்காக மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்: 4 மடங்கில் ஸ்கேல் வைத்து அளந்தேன், 4.5 மி.மீ. மொத்தப் பெருக்கம் பத்து மடங்கு கூடினால் விட்டம் பத்தில் ஒன்றாகும், ஆகவே 40 மடங்கில் 0.45. இதே கணக்கில், 10 மடங்கு ஐபீஸுக்குப் பதில் 15 மடங்கு போட்டால் 4.5-ஐ ஒன்றரையால் வகுத்து 3 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன். சரிதானே?

முதல் பாதி சரி. ஐபீஸ் மாறாதவரை விட்டம் ஆப்ஜெக்டிவுக்கு எதிர்விகிதத்தில் சுருங்கும். இரண்டாம் பாதிதான் உதைக்கிறது. விட்டத்தைத் தீர்மானிப்பது ஐபீஸின் பெருக்கம் அல்ல, அதற்குள் இருக்கும் வளையத்தின் அகலம். பல ஐபீஸ்களில் பெருக்கத்துக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு 18, 20 என்று பொறித்திருப்பார்கள். அதை ஆப்ஜெக்டிவின் பெருக்கத்தால் வகுத்தால் விட்டம் மி.மீ.-இல் கிடைக்கும். உங்கள் 4.5-ஐப் பார்த்தால் இப்போதுள்ளது 18 ஆகத்தான் இருக்க வேண்டும். 15 மடங்கு ஐபீஸில் அந்த எண் 12 ஆக இருந்தால் உங்கள் 3 மி.மீ. தற்செயலாகப் பலித்துவிடும். வேறாக இருந்தால் பலிக்காது. எண் பொறிக்காத ஐபீஸ் என்றால் மறுபடி ஸ்கேல் வைத்து அளப்பதே வழி. அப்போது கோட்டின் தடிமனையும் கவனியுங்கள், அந்தப் பெருக்கத்தில் அது தடித்துத் தெரியும். ஒரு கோட்டின் இடது விளிம்பில் தொடங்கினால் அடுத்ததையும் இடது விளிம்பிலேயே படியுங்கள்.

மற்றொரு மாணவி: நான் கன்னச் செல் எடுத்தேன். 40 மடங்கில் விட்டம் 450, செல் 60 மைக்ரான், விடை 7.5. ஆனால் விட்டத்தில் மூன்றுதான் இருக்கிறது. என் அளவு தப்பா?

அளவில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. கன்னச் செல்கள் சுரண்டி எடுத்தவை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும், சில மடிந்தும் இருக்கும். இடைவெளியின்றி அடுக்கினால் எத்தனை அடங்கும் என்பதைத்தான் 7.5 சொல்கிறது. அதைச் சுவர் எண்ணிச் சரிபார்க்க ஒட்டிய வரிசை உள்ள திசு வேண்டும்.

இன்னொருவர்: அப்படியானால் வட்டத்தில் மொத்தம் 7.2 செல்தான் இருக்குமா? எனக்கு நூற்றுக்கணக்கில் தெரிகிறது.

நாம் பேசியது குறுக்கே ஒரு வரிசையைப் பற்றி. மொத்தத்துக்கு அகலமும் வேண்டும். செல்லின் அகலம் 50 மைக்ரான் என்றால் மேலிருந்து கீழாக 36 வரிசை. 7.2-ஐ 36-ஆல் பெருக்கினால் 259, ஆனால் அது சதுரத்துக்கான கணக்கு. வட்டம் என்பதால் 0.785-ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 200 வரும்.

பள்ளி ஆசிரியர்: ஐபீஸ் மைக்ரோமீட்டரை முறைப்படி அளவு திருத்தி, 40 மடங்கில் முப்பது செல்களை அளந்தோம். சராசரி 210 மைக்ரான். 10 மடங்கில் 8.6 வர வேண்டும். சுவர் எண்ணினால் 7.3 தான் வருகிறது. எங்கே போனது மீதி?

சார், 40 மடங்கில் முழுதாகத் தெரிந்த செல்களை மட்டும் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே விட்டமே 450 மைக்ரான். 400 மைக்ரான் நீளச் செல் முழுதாக மாட்டுவது அரிது, 450-ஐத் தாண்டியது மாட்டவே மாட்டாது. 150 மைக்ரான் செல்லோ சுலபமாக உள்ளே நிற்கும். இப்படி நெட்டைச் செல்கள் பட்டியலிலிருந்து கழன்றுகொள்ள, சராசரி இறங்கிவிடும், அடங்கும் எண்ணிக்கை ஏறிவிடும். 10 மடங்கிலேயே அளந்து பாருங்கள். நடு வரிசைகளில், எந்தச் செல்லின் இடது சுவர் வட்டத்தின் இடது பாதியில் விழுகிறதோ அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் எடுங்கள். 900 மைக்ரான் வரை நீளமுள்ளதும் அப்போது உள்ளே வந்துவிடும். மைக்ரோமீட்டரை அந்த ஆப்ஜெக்டிவுக்கும் தனியாக அளவு திருத்த மறக்காதீர்கள்.

அதே ஆசிரியர், பிறகு: செய்தோம். சராசரி 235. கணக்குப்படி 7.7, எண்ணியது அதே 7.3. இன்னும் கொஞ்சம் இடிக்கிறது.

பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. மீதிக்கு என் முதல் சந்தேகம், எண்ணிய வரிசை நடுவில் இல்லை என்பது. மையத்திலிருந்து 0.3 மி.மீ. தள்ளிப்போனாலே குறுக்கு நீளம் 1.8-இலிருந்து 1.7 மி.மீ. ஆகிவிடும். அதை 235-ஆல் வகுத்தால் 7.2. ஆனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அளந்த தோல்துண்டும் எண்ணிய தோல்துண்டும் வேறு என்றாலும் இந்த அளவு வித்தியாசம் வரலாம். ஐபீஸ் சுட்டி இருந்தால் அதன் முனையை மையமாக வைத்து, அளந்த அதே ஸ்லைடில் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். அப்போதும் 7.3-இலேயே நின்றால் 1.8 என்ற விட்டத்தையே அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.