ஏழு சென்டிமீட்டரும் தொள்ளாயிரம் டன் ஜல்லியும்

கேள்வி: டர்பனில் இருக்கிறேன், ஊரில் சிவில் டிப்ளமோ முடித்தவன். ட்ரோன் பைலட் கோர்ஸில் சேர்ந்தால் சர்வே வேலை கிடைக்குமா, இல்லை வெறும் விளம்பரமா?

வேலை இருக்கிறது. ஆனால் பைலட் கோர்ஸ் மட்டும் முடித்தவரைத் தேடி அது வருவதில்லை. நானும் உங்களைப் போல டிப்ளமோவோடு இங்கே வந்து இறங்கியவன்தான். அதனால் நான் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் ட்ரோனுக்கான விதிகள் 2015 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றன. எழுத்துத் தேர்வு, பறக்கவிட்டுக் காட்டும் தேர்வு, ரேடியோவில் பேசுவதற்கான சான்றிதழ் எல்லாம் முடித்தால் பைலட் சான்றிதழ் கையில் வரும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் தனியாளாகக் காசு வாங்கிப் பறக்க முடியாது. இயக்குநர் சான்றிதழ் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அது நிறுவனத்துக்குத் தருவது. அந்தச் சான்றிதழ் உள்ள ஒரு நிறுவனத்தின் கீழ்தான் நீங்கள் பறக்க வேண்டும். கோர்ஸ் விற்பவர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள். அப்புறம் விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. கிங் ஷாகா விமான நிலையம் லா மெர்சியில் இருப்பதால் டொங்காட், வெருலம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். நம் ஆட்கள் வீட்டு மாடியில் கல்யாணத்துக்குப் பறக்கவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, சர்வே வேலைக்கு வருகிறேன். ட்ரோனைப் பறக்கவிடுவது அரை மணி நேர வேலை. கொடுக்கிற எண் சரியா என்று காட்டுவதற்குத்தான் மீதி நாள் முழுவதும் போகும், வேலை கொடுத்தவர் பணம் தருவதும் அதற்குத்தான். நானே மாட்டிக்கொண்ட ஒரு கதையைச் சொன்னால் புரியும்.

ஒரு கல்குவாரியில் மாதக் கடைசியில் ஜல்லிக் குவியல்களின் கன அளவு எடுக்கும் வேலை. பரப்பு சுமார் 12 ஹெக்டேர். ட்ரோன் புதிது. தரையில் உள்ள நிலையத்திலிருந்து ஜி.பி.எஸ். திருத்தம் வாங்கி ஒவ்வொரு படத்தையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் குறிக்கும் ஆர்.டி.கே. வகை. அந்தத் திருத்தம் இங்கே அரசின் ட்ரிக்நெட் நிலையங்களிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஊரில் இருந்த காலத்தில் அதற்காகத் தனியாக ஒரு பேஸ் வைத்து, ஒரு ஆளைக் காவலுக்கு உட்கார வைத்த ஞாபகம் எனக்கு.

80 மீட்டர் உயரம் என்று முடிவு செய்தேன். அந்த உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு வாய்பாடுதான்:

```
GSD = H × p / f
    = 80 m × 0.0033 mm / 12.29 mm
    ≈ 0.0215 m
```

H பறக்கும் உயரம், p சென்சாரில் ஒரு பிக்சலின் அளவு, f லென்ஸின் குவியத் தூரம். ஆக ஒரு பிக்சல் தரையில் 2 சென்டிமீட்டர் சொச்சம். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று முன்பின்னாக 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் படியும்படி வைத்தேன். முந்நூறு படத்துக்குள் முடிந்துவிட்டது. கேமரா நேராகக் கீழே பார்த்தபடி, ஒரே உயரத்தில், கோடு கோடாக. எல்லோரும் செய்வது போலத்தான்.

செய்யாமல் விட்டது ஒன்று. இடமும் உயரமும் அளந்த குறிப்பலகை எதுவும் தரையில் வைக்கவில்லை. ஆர்.டி.கே. இருக்கும்போது எதற்கு வெயிலில் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று நினைத்தேன். விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

படங்களைப் பொருத்தித் தரையின் மாடலைச் செய்யும் மென்பொருள் தந்த ரிப்போர்ட்டில் குறையே இல்லை. பிழை இரண்டு சென்டிமீட்டர் என்றது. கன அளவு 18,460 கன மீட்டர். அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் குவாரிக் கணக்காளர் போன் செய்தார். உடைத்த கல்லின் கணக்கிலிருந்து எடைமேடையைத் தாண்டி வெளியே போனதைக் கழித்தால் வரும் இருப்பைவிட நான் சொன்ன இருப்பு ஏறக்குறைய தொள்ளாயிரம் டன் கூடுதலாக இருக்கிறதாம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சாட்ஸ்வொர்த்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். இங்கே நம் வழியில் வந்த பெரியவர்களை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவருக்குத் தமிழில் ஐம்பது வார்த்தை தெரிந்தால் அதிகம். ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, எடைமேடை சிலாப் என்ன உயரம் சொல்லுது?" என்று மட்டும் கேட்டார்.

எடைமேடைக்குப் பக்கத்துக் காங்கிரீட் சிலாப்பின் உயரத்தை அவர் முன்பே ஆட்டோ லெவல் வைத்து எடுத்து வைத்திருந்தார். என் மாடலில் அதே சிலாப் 7 சென்டிமீட்டர் மேலே இருந்தது. கேட் அருகிலும் ஆபீஸ் வாசலிலும் இருந்த, உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்குகளைப் பார்த்தேன். அங்கேயும் அதே ஏழு. கிழக்கு மேற்காகவோ வடக்கு தெற்காகவோ ஒரு நகர்வும் இல்லை. மொத்தத் தரையும் அலுங்காமல் குலுங்காமல் தூக்கி வைத்தது போல மேலே போயிருந்தது.

காரணம் லென்ஸ். மென்பொருள் படங்களைப் பொருத்தும்போதே லென்ஸின் குவியத் தூரத்தையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். எல்லாப் படமும் நேர் கீழே பார்த்து, ஒரே உயரத்தில் எடுத்ததாக இருந்தால், குவியத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தரையைக் கொஞ்சம் மேலே தூக்கினாலும் படங்கள் அதே அழகோடு பொருந்திவிடும். எது உண்மை என்று படங்களால் சொல்ல முடியாது. அந்தக் கேமராவின் குவியத் தூரம் பிக்சல் கணக்கில் சுமார் 3,700. அதில் மூன்று பிக்சல் சொச்சம் பிசகினாலே 80 மீட்டர் உயரத்தில் 7 சென்டிமீட்டர் ஆகிவிடும். ரிப்போர்ட் காட்டிய இரண்டு சென்டிமீட்டர் பொய் இல்லை. அது கேமரா நின்ற இடத்தின் பிழை. தரையின் பிழையைச் சொல்ல, தரையில் உயரம் தெரிந்த ஒரு புள்ளி வேண்டும்.

இந்த ஏழு எப்படித் தொள்ளாயிரம் டன் ஆனது என்று பாருங்கள். குவியல்கள் உட்கார்ந்திருந்த இடம் 8,000 சதுர மீட்டர். அதை 0.07-ஆல் பெருக்கினால் 560 கன மீட்டர். குவாரி பயன்படுத்திய அடர்த்தி கன மீட்டருக்கு 1.6 டன், ஆக 896 டன்.

இதில் எனக்குப் பிறகுதான் உறைத்த விஷயம் ஒன்று உண்டு. குவியலின் அடிவாரத்தையே சுற்றிக் கோடு போட்டு, அதே மாடலிலிருந்து அடித்தளத்தை எடுத்திருந்தால் இந்தத் தவறு வெளியே தெரிந்தே இருக்காது. மேலும் கீழும் ஒரே அளவு தூக்கியிருக்கும், கழித்தால் காணாமல் போய்விடும். நான் கழித்தது முன்பு தரையில் நடந்து எடுத்த வெற்றுத் தளத்தின் உயரத்திலிருந்து. அதனால் ஏழும் முழுசாகக் கன அளவுக்குள் ஏறிவிட்டது. யாராவது "என் ட்ரோன் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வருகிறது" என்றால், அடித்தளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

நல்லவேளை, திரும்பப் பறக்க வேண்டியிருக்கவில்லை. சிலாப்பைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாகக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். மற்ற இரண்டு பெஞ்ச் மார்க்குகளையும் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கென்று ஒதுக்கி வைத்தேன். இரண்டிலும் வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள் வந்தது. கன அளவு 17,900 ஆனது. அதிலிருந்து எந்த வேலையானாலும் ஆறு பலகை வைக்கிறேன், அறுபது சென்டிமீட்டர் சதுரம், கறுப்பும் வெள்ளையுமாக. மூன்றைக் கணக்குக்குக் கொடுப்பேன், மூன்றை மறைத்து வைப்பேன். கேமராவைச் சாய்த்து ஒரு சுற்றும் கூடப் பறப்பேன். சாய்ந்த படங்கள் இருந்தால் மென்பொருளால் குவியத் தூரத்தோடு அப்படி விளையாட முடியாது.

அதற்காக டன் கணக்குக்கு நான் பொறுப்பேற்பதில்லை. அடர்த்தி ஐந்து சதவீதம் மாறினாலே, இந்த இருப்பில் ஆயிரத்து நானூறு டன் ஏறும் அல்லது இறங்கும். மழை நனைத்த ஜல்லிக்கும் காய்ந்த ஜல்லிக்கும் அவ்வளவு வித்தியாசம் சாதாரணம். நான் கன மீட்டரை எழுதிக் கையெழுத்துக்கு அனுப்புவேன். டன் அவர்கள் பாடு.

ஊரிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று இருக்கிறது. இங்கே ஆயத்தொலைவு முறையே வேறு. டர்பன் பகுதிக்கு 31 பாகை தீர்க்கரேகையை நடுவாக வைத்த Lo31, மென்பொருளில் EPSG:2054. இதில் Y மேற்குப் பக்கம் கூடும், X தெற்குப் பக்கம் கூடும். டொங்காட் அருகே ஒரு புள்ளிக்கு Y சுமார் −9,700, X சுமார் 3,275,800 என்று வரும். வழக்கமான கிழக்கு, வடக்கு கேட்கும் மென்பொருளில் போட இரண்டின் குறியையும் மாற்ற வேண்டும். மறந்தால் முழு இடமும் 180 பாகை சுற்றி உட்கார்ந்துவிடும். இது பயப்படும் தவறு இல்லை, பார்த்தவுடனே தெரியும். ஜி.பி.எஸ். தரும் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்ற மறப்பதும் அப்படித்தான், இருபது முப்பது மீட்டர் தள்ளி நிற்கும். என்னை ராத்திரியில் எழுப்புவது ஏழு சென்டிமீட்டர் மாதிரி ஆசாமிகள்தான்.

எல்லைத் தகராறு பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டிவிட்டார், மேலே பறந்து படம் எடுத்துக் காட்டு என்று கேட்டார். மேலிருந்து தெரிவது கூரையின் விளிம்பு, சுவரின் அடி இல்லை. எல்லை மண்ணுக்குள் இருக்கும் இரும்பு முளையில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து இதுதான் எல்லை என்று சொல்லும் உரிமை பதிவு பெற்ற நில சர்வேயருக்கு மட்டுமே உண்டு. 1997-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டம் அப்படி. அவர் போடும் வரைபடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். அந்தப் பெரியவர் என்மேல் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

உங்களுக்கு என் யோசனை: கோர்ஸ் காசை இப்போதைக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு சர்வே ஆபீஸில் உதவியாளராகச் சேரப் பாருங்கள். லெவல் பிடிக்கவும் டோட்டல் ஸ்டேஷன் வைக்கவும் தெரிந்த சிவில் டிப்ளமோக்காரர் என்றால் பேசுவார்கள். சேர்ந்து சில மாதம் கழித்து அவர்களே உங்களைப் பைலட் தேர்வுக்கு அனுப்பலாம், என்னை அப்படித்தான் அனுப்பினார்கள். முறையாகப் படித்துப் பதிவு பெற ஆசை இருந்தால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் க்வாசுலு-நடால் பல்கலைக்கழகத்திலும் சர்வே இருக்கிறது. வீட்டில் பழக QGIS, WebODM இரண்டும் போதும், இலவசம். நேர்காணலில் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேட்பதைவிட, சோதனைப் புள்ளிகளில் எவ்வளவு வித்தியாசம் வந்தது, வந்தபோது என்ன செய்தீர்கள் என்றுதான் அதிகம் கேட்பார்கள்.

என் முதல் மாதச் சம்பளம் பலகைகளை விரித்துச் சுருட்டியதற்குத்தான் வந்தது. ட்ரோன் ரிமோட்டை அங்கிள் நாலாம் மாதம்தான் கையில் கொடுத்தார்.