அட்வான்ஸ் வாங்கும் முன் அனுப்ப வேண்டிய ஏழு வரி: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் பல வருடங்களாக நிகழ்ச்சிகளுக்குப் புகைப்படம் எடுப்பவர். புக்கிங், கணக்கு எல்லாம் அவரே பார்க்கிறார்.)

மேக்கப் செய்கிறேன். பணம் வந்ததும் "அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுவேன். இருந்தும் போன மாதம் ஒரு கஸ்டமர் கேன்சல் செய்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். என் மேல் என்ன தப்பு?

வரிசைதான் தப்பு. பணம் வந்த பிறகு சொன்ன நிபந்தனை, அவர் ஒத்துக்கொண்ட நிபந்தனை ஆகாது. "முன்னாடியே தெரிந்திருந்தால் கட்டியிருக்கவே மாட்டேன்" என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இல்லை. நான் கணக்கு விவரத்தைக் கடைசியில்தான் கொடுப்பேன். முதலில் நிபந்தனை, அப்புறம் அவருடைய "சம்மதம்", அதற்குப் பிறகுதான் கணக்கு எண். எண் கையில் இல்லாமல் யாரும் அவசரப்பட்டுப் பணம் போட முடியாது, பாருங்கள்.

உங்கள் தொழிலுக்கே எழுதிக் காட்டுகிறேன். மொத்தக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம்.

"20 ஜூன் சனி காலை 5 மணி, மேக்கப் ஒருவருக்கு.
மொத்தம் 100, அட்வான்ஸ் 30, அது மொத்தத்தில் கழியும்.
3 மே ஞாயிறு இரவு 9 மணிக்குள் அட்வான்ஸ் வந்தால்தான் தேதி உங்களுக்கு.
6 ஜூன் சனி இரவு 9 மணிக்குள் ரத்து செய்தால் 30 முழுதும் திரும்ப வரும். பிறகு ரத்து செய்தால் வராது.
நான் வர முடியாவிட்டால் 30 முழுதும் திரும்ப வரும்.
பணம் 5 நாளில், அனுப்பிய கணக்குக்கே.
சம்மதமா? பதில் போட்டதும் கணக்கு எண் அனுப்புகிறேன்."

"இரண்டு வாரம் முன்பு" என்று எழுதவில்லை, கவனியுங்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது, அந்த நாள் சேருமா சேராதா என்பதில்தான் பாதிச் சண்டை வரும். தேதியும் மணியும் போட்டுவிட்டால் எண்ண வேண்டிய வேலையே இல்லை. கிழமையைச் சேர்ப்பது இன்னொரு காவல்: 20 என்பதை 21 என்று தட்டிவிட்டால், சனி என்பது ஒட்டாமல் நிற்கும், இருவரில் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

"நான் வர முடியாவிட்டால்" என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத மெசேஜ் ஒருதலைப்பட்சமாகத் தெரியும். நமக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதும் எழுதாமலே போய்விடும்.

6 ஜூன் என்று எப்படிக் கணக்கிட்டீர்கள்? நான் எல்லோருக்கும் ஒரு மாதம் என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் பழைய புக்கிங்குகளைப் புரட்டுங்கள். நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் முன்பு வரைக்கும் புது ஆட்கள் தேதி கேட்டு வந்திருக்கிறார்கள்? பெரும்பாலானவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே வந்துவிடுகிறார்கள் என்றால், அதற்குப் பிறகு காலியாகும் தேதி காலியாகவே கிடக்கும். அந்த இடம்தான் கோடு. உங்களுக்கு அது ஒரு மாதமாக வந்தால் ஒரு மாதமே சரி. ஆனால் கடைசி வாரத்தில்கூட ஆள் வரும் தொழிலில் ஒரு மாதம் என்று வைத்தால், எதற்காகப் பிடிக்கிறீர்கள் என்று கேட்பவருக்குக் காரணம் சொல்ல முடியாது.

சிலர் திருப்பித் தருவதில் 100 சதவீதம், 50, 25 என்று மூன்று படி வைப்பார்கள். தங்கும் விடுதிக்கு அது பொருந்தலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவர் சின்ன மெசேஜில் ஒரே ஒரு கோடு போடுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

"நோ ரீஃபண்ட்" என்று எழுதி அவர்கள் ஓகே சொல்லிவிட்டால் சட்டப்படி பைசா திருப்பித் தர வேண்டியதில்லை. இவ்வளவு எதற்கு?

பாதி சரி. எழுதி ஒத்துக்கொண்டது உங்களுக்குப் பலம்தான். ஆனால் பல நாடுகளின் சட்டம், பிடித்து வைத்த தொகை நியாயமானதா என்றும் பார்க்கும். 30 பிடிப்பதும், 100-ஐயும் முன்கூட்டி வாங்கிக்கொண்டு "அட்வான்ஸ்" என்று பெயர் வைத்து முழுதாகப் பிடிப்பதும் ஒன்றல்ல. நீங்களே வேலையை ரத்து செய்துவிட்டு அந்த வரியைக் காட்டினால் பெரும்பாலும் எடுபடாது. உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு ஓனர் நான் காலி செய்து மூன்று மாதம் ஆகியும் அட்வான்ஸ் தரவில்லை. இந்த மெசேஜை அவருக்கு அனுப்பலாமா?

அது வேறு அட்வான்ஸ், அக்கா. வீட்டுக்குக் கொடுத்தது, காலி செய்யும்போது கழிவு போக திரும்ப வர வேண்டிய பிணைத்தொகை. இங்கே பேசுவது தேதியைப் பிடித்து வைப்பதற்கான பணம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், வழி அதில்தான் இருக்கும்.

என் கதையைக் கேளுங்கள் அண்ணா. ஹால் வாடகைக்கு விடுகிறேன். கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு ஒருவர் "ரத்து இல்லை, இரண்டு மாதம் தள்ளி வையுங்கள்" என்றார். மாற்றிக் கொடுத்தேன். பிறகு புதுத் தேதியையும் ரத்து செய்து, "இன்னும் கெடு இருக்கிறதே" என்று முழுப் பணத்தையும் கேட்டு வாங்கிவிட்டார்.

கெட்டிக்காரர். தேதியை மாற்றும்போது கெடுவும் சேர்ந்து நகர்ந்தால் இந்த ஓட்டை விழும். மாற்றம் கேட்டவுடனே புது மெசேஜ் அனுப்புங்கள்: "தேதி மாற்றம் ஒரு முறை மட்டும். பணம் திரும்பப் பெறும் கெடு பழைய 6 ஜூன்தான்." அதற்கும் சம்மதம் வாங்கிய பிறகுதான் பழைய தேதியை விட வேண்டும். நானும் ஒருமுறை இப்படி ஏமாந்த பிறகுதான் இதைச் சேர்த்தேன்.

எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் இந்த மெசேஜ் துண்டு துண்டாகப் போகிறதே?

தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான். நீளமானால் துண்டுக்கு 67. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும், அதனால் "தமிழ்" என்பதே ஐந்து. மேலே உள்ளது ஆறேழு துண்டு ஆகிவிடும். பெரும்பாலான போன்கள் ஒட்டிக் காட்டும், ஆனாலும் துண்டுக்குத் துண்டு காசு. எஸ்எம்எஸ்தான் வழி என்றால் ரத்து வரியைத் தனியாக ஒரு மெசேஜாக அனுப்பி, அதற்கே பதில் வாங்குங்கள்.

ஒருவர் அட்வான்ஸைவிட மூன்று மடங்கு போட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, மீதியை அவருடைய நண்பர் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். அவசரமாம்.

அனுப்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் வராமலே இருக்கலாம். வந்திருந்தாலும் திருட்டுக் கார்டிலிருந்தோ பணமாகாத காசோலையிலிருந்தோ வந்து, பிறகு வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பிய மீதி மட்டும் போனது போனதுதான். வங்கியிடம் சொல்லி, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள். "அனுப்பிய கணக்குக்கே" என்ற வரி இதற்கும் சேர்த்துத்தான்.

கெடுவுக்குப் பிறகு ரத்து செய்தார்கள், ஆனால் அதே தேதிக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது. அப்போதும் பிடிக்கலாமா?

நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் தம்பியும் இதே தொழில்தான், "மறுபடி ஆள் தேடிய உழைப்புக்கு யார் கூலி தருவது?" என்று பாதியைப் பிடிப்பான். அவனோடு இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.