கல்லாவும் கணக்குப் பரீட்சையும்: வாசகர் கேள்விகள்

என் பிள்ளைக்கு நல்ல டைம்டேபிள் ஒன்று போட்டுத் தரவும்.

எந்த வகுப்பு, என்ன கடை, பள்ளி விட்டு எத்தனை மணிக்கு வருகிறான், கடையில் எப்போது கூட்டம்? ஒன்றுமே எழுதவில்லை. இந்த நான்கும் இல்லாமல் டைம்டேபிள் கேட்பது, சரக்குப் பட்டியல் இல்லாமல் விலை கேட்கிற மாதிரி. திரும்ப எழுதுங்கள்.

பத்தாம் வகுப்புப் பையன். மாலை 6 முதல் 9.30 வரை மளிகைக் கடையில்தான் இருக்கிறான், கல்லாப் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறான். மூன்றரை மணி நேரம் படித்தும் கணக்கில் 42-தான் வருகிறது. ஏன்?

அவன் மூன்றரை மணி நேரம் படிக்கவில்லை. கடைநேரத்தைப் படிப்பு நேரம் என்று எழுதாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! மாலைக் கூட்டத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒருவர் வருவார். ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றுக்கு ஏழு நிமிடமாவது வேண்டும். அதற்குள் இரண்டு தடவை எழுந்து உளுந்து நிறுத்துவிட்டு வந்தால், எந்த வரியில் விட்டோம் என்று தேடுவான், கூட்டல் குறி கழித்தலாகிவிடும். சந்தேகமிருந்தால் அவன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தொடங்கிய கணக்குகள் நிறைய இருக்கும், விடை வரை போனவை கொஞ்சமாகத்தான் இருக்கும்.

பள்ளி முடிந்து 5.15-க்கு வீடு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு 5.30 முதல் 6.15 வரை மேசையில் உட்காரட்டும். இந்த முக்கால் மணி நேரம் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும். வினாத்தாளின் கடைசி இரண்டு கேள்விகள் இவைதான், எட்டும் எட்டும் பதினாறு மதிப்பெண். காம்பஸும் வரைபடத்தாளும் வைத்துக் கையைப் பழக்க வேண்டிய பகுதி, அரிசி மூட்டை மேல் வைத்துப் போட முடியாது. தினமும் ஒரு படம், ஒரு வரைபடம். உதவிப் படத்தைத் தவிர்க்க வேண்டாம்.

6.15 முதல் 8.15 வரை கடை. அதற்குமேல் ஒரு நிமிடமும் வேண்டாம். கல்லாவில் ஆள் இல்லாத இடைவெளியில் ஒரு மதிப்பெண் வினாக்களைப் புரட்டலாம். கணக்கில் அவை 14, துண்டு துண்டாகப் படித்தாலும் ஒட்டும். ஆனால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாப்பாடு முடிந்து 9 முதல் 10.15 வரை எழுதிப் பார்க்கும் பாடம், காலை 5.15 முதல் 6.45 வரை மனப்பாடப் பகுதி. கூட்டினால் ஏறக்குறைய மூன்றரை மணி வரும். நீங்கள் சொன்ன அதே மூன்றரைதான், இது நிஜமானது.

இரவு 10.30-க்குக் கடை அடைத்துவிட்டுப் படுக்கிறோம். மகளைக் காலை 4-க்கு எழுப்பலாமா?

கூடாது. ஆறு மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது. ஷட்டர் இறக்குவதும் கல்லா எண்ணுவதும் உங்கள் வேலை, அவளை 8.30-க்கே வீட்டுக்கு அனுப்புங்கள்.

பிளஸ் டூ வணிகவியல் படிக்கிறேன். கடைக் கணக்கு எழுதுவது கணக்குப்பதிவியலுக்கு உதவுமா?

முதல் பாடத்துக்கு நன்றாகவே உதவும். முழுமை பெறா பதிவேடுகள் என்பது ஏறக்குறைய உங்கள் கடன் நோட்டுதான். தொடக்க முதல் 2,00,000 ரூபாய், இறுதி முதல் 2,30,000 ரூபாய், இடையில் அப்பா நகையை விற்றுப் போட்ட கூடுதல் முதல் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் பத்தாயிரம் என்று சொல்லத் தோன்றும். வீட்டுக்கு எடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய் மாதம் 5,000 ரூபாய்க்கு என்றால் ஆண்டுக்கு 60,000. அது எடுப்பு, அதை இறுதி முதலோடு கூட்ட வேண்டும். 2,90,000-இல் கூடுதல் முதலையும் தொடக்க முதலையும் கழித்தால் லாபம் 70,000. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எடுப்பை விடுவதற்குக் காரணம், நம் கடையில் நாம் எடுப்பதை யாரும் எழுதுவதில்லை. மற்ற பாடங்களுக்குக் கடை உதவாது. படிவம் போட்டு எழுதிப் பழகுங்கள், அதுவும் கல்லாவில் அல்ல.

ஞாயிறு காலை கடையில் கூட்டம். முழு மாதிரித் தேர்வு எப்போது எழுதுவது?

மதியம் கடை ஓய்ந்ததும் 2 முதல் 5.15 வரை. வினாத்தாள் வாசிக்கும் நேரத்தையும் சேர்த்து மூன்றேகால் மணி நேரம், ஒரே மூச்சில், போன் இல்லாமல். 5.15-க்குப் பேனாவை வாங்கிவிடுங்கள். இன்னும் ஒரு கேள்விதான் என்று விட்டுக்கொடுத்தால், நேரம் எந்தக் கேள்வியில் போனது என்பது தெரியாமலே போகும்.

இரண்டு பரீட்சைக்கு நடுவே மூன்று நாள் லீவு. கடைக்கு அனுப்பலாமா?

மாலையில் ஒரு மணி நேரம், கால் நீட்டுகிற மாதிரி. சரக்கு இறக்க வேண்டாம், விரலில் அடிபட்டால் பேனா பிடிக்க முடியாது.