கேட்டில் யார் எதைச் சொல்வது?

"எங்கள் தொடக்கப்பள்ளியில் 400 பிள்ளைகள். தினமும் காலையில் ஒரு டீச்சரும் வாட்ச்மேன் அண்ணனும் கேட்டில் நின்று குட்மார்னிங் சொல்கிறார்கள். இப்போது அது வெறும் சடங்காகிவிட்டது, சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறார்கள். எதை மாற்றலாம்? கைகொடுப்பது, தட்டிக்கொடுப்பது எல்லாம் சரியா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணியடிக்கும் முன் கடைசி 20 நிமிடத்தில்தான் வேன், ஆட்டோ, பைக் எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும், அப்படியானால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 3 வினாடி. அதில் பெயர் சொல்லி, முகம் பார்த்து, நலம் விசாரிக்க யாராலும் முடியாது. அதனால் வேலையைப் பிரித்துவிடுங்கள். வாட்ச்மேனின் கண் ரிவர்ஸ் எடுக்கும் வேன் மீதுதான் இருக்க வேண்டும், அவர் ஒரு தலையசைப்போடு "வாப்பா, வாம்மா" என்றால் தாராளம். டீச்சர் பத்தடி உள்ளே தள்ளி நிற்கட்டும், கூட்டம் அங்கே கொஞ்சம் கலைந்திருக்கும். பெயர் சொல்லி வரவேற்பதை வகுப்பு வாசலில் வகுப்பு டீச்சரிடம் விடுங்கள், அவருக்கு 35 முகம்தான். அமெரிக்காவில் 10 வகுப்பறைகளில் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், வாசலில் இப்படி வரவேற்ற வகுப்புகளில் பாடத்தில் கவனம் கூடி, தொந்தரவு குறைந்தது. அது நடுநிலை வகுப்புகளில், அதுவும் வகுப்பு வாசலில் நடந்தது. கேட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தலைகுனிந்து ஓடுகிறவர்கள் யார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் டை இல்லாதவர்கள், ஷூவுக்குப் பதில் செருப்பு போட்டவர்கள், லேட்டாக வருகிறவர்களாக இருப்பார்கள். வரவேற்கிற அதே டீச்சர் அடுத்த நிமிடம் "எங்கே உன் பெல்ட்?" என்று நிறுத்தினால், பிள்ளைக்கு அந்தக் குட்மார்னிங்கே சோதனைதான். சீருடை பார்ப்பதைக் கேட்டிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள், வகுப்புக்குள் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். லேட்டாக வந்தவனிடமும் "வந்துட்டியா, உள்ளே போ" என்பதுதான் முதல் வார்த்தை. காரணமெல்லாம் அப்புறம்.

தொடுவதைப் பொறுத்தவரை, பெரியவர்கள் தொடங்கக் கூடாது. கன்னம் கிள்ளுவது, தலை கோதுவது, அணைப்பது வேண்டவே வேண்டாம். வணக்கம், கையசைப்பு, ஹைஃபைவ் என்று மூன்று படங்களை வகுப்பு வாசலில் ஒட்டினால் பிள்ளை வேண்டியதைத் தொடும். எதையும் தொடாமல் போனாலும் விட்டுவிடுங்கள். பதில் சொல்லாத பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டு "குட்மார்னிங் சொல்லு" என்று கேட்கக் கூடாது.

இன்னொன்று. எப்போதும் கையசைக்கிற மூன்றாம் வகுப்புப் பையன் இரண்டு மூன்று நாளாக மதில் ஓரமாக ஒதுங்கிப் போகிறான் என்றால், முதலில் பார்ப்பவர் வாட்ச்மேன்தான். அவர் அங்கேயே விசாரிக்க வேண்டாம், பிரேயருக்கு முன் வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் இடைவேளையில் தனியாகப் பேசட்டும். சில நேரம் காலைச் சாப்பாடு இல்லாததாக இருக்கும், சில நேரம் வேனில் யாரோ சீண்டுவதாக இருக்கும். அடி, தொல்லை என்று தெரிந்தால் பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்க்காமல் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.